அடி இலையா, குருத்தா? சலித்துப்போன விவசாயியிடம் அந்த ஒன்றைக் கேட்க நான்கு வழிகள்

சம்பா நட்டு மூன்று வாரம் ஆனதும் டெல்டாவில் ஆலோசனை கேட்டு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே வரியில் அடங்கிவிடும்: "பயிர் மஞ்சளா இருக்கு, என்ன போடலாம்?" கூப்பிடுகிறவர் அதற்குள் உரக்கடையில் ஒருமுறை, வேளாண்மை அலுவலகத்தில் ஒருமுறை, போனில் ஒருமுறை கதையை முழுக்கச் சொல்லியிருப்பார். நான்காவது ஆள் எடுத்து "எந்த ஊருங்க, என்ன ரகம், எத்தனை ஏக்கர்?" என்று தொடங்கினால், "எத்தனை தடவைதான் கேப்பீங்க?" என்பதுதான் பதில். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கேள்வியே கேட்காமல் "யூரியா போடுங்க" என்று சொல்லிவிடவும் முடியாது.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் போன் எடுப்பவர்கள், உரக்கடைக்காரர்கள், களப்பணியாளர்கள் ஆகியோர் இந்த இடத்தில் நான்கு வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். முழுப் பட்டியலையும் மறுபடி கேட்பது ஒன்று. சொன்னதைத் திருப்பிச் சொல்லி ஒரே கேள்வி கேட்பது இரண்டு. படம் அனுப்பச் சொல்வது மூன்று. எதையும் கேட்காமல் பாதுகாப்பான வேலை ஒன்றைச் சொல்லி அனுப்புவது நான்கு. எது எப்போது சரி என்று பார்ப்பதற்கு முன், கேட்டே ஆகவேண்டிய அந்த ஒரு விவரம் எது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

## அந்த ஒரு விவரம்

நட்டு 40 நாளுக்குள் இருக்கும் பயிரில் அந்த விவரம், மஞ்சள் எந்த இலையில் என்பதுதான். ஊர், ரகம், பரப்பு எல்லாம் இதற்குப் பிறகுதான்.

தழைச்சத்து குறையும்போது பயிர் பழைய இலையில் இருப்பதை எடுத்துப் புது இலைக்கு அனுப்பும். அதனால் அடி இலை நுனியிலிருந்து சீராக மஞ்சளாகும், குருத்து பச்சையாகவே நிற்கும். இரும்பு, கந்தகம், துத்தநாகம் போன்றவை அப்படி எளிதில் இடம் மாறுவதில்லை. அவை குறைந்தால் பாதிப்பு முதலில் குருத்தில்தான் தெரியும். இரும்பு குறைந்தால் நரம்பு பச்சையாக இருக்க, நரம்புகளுக்கு இடையில் வெளுக்கும். தண்ணீர் நிற்கும் வயலைவிடக் காய்ந்த நாற்றங்காலில்தான் இதை அதிகம் பார்க்கலாம். துத்தநாகம் குறைந்தால் இளம் இலையின் நடு நரம்பு அடிப்பக்கம் வெளுக்கும், பிறகு இலைகளில் துரு நிறப் புள்ளிகள் வரும், பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாக நிற்கும். இது பெரும்பாலும் நட்ட இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரத்துக்குள் தெரியும்.

ஆக, "அடி இலை" என்றால் யூரியாவைப் பற்றிப் பேசலாம். "குருத்து" என்றால் யூரியாவால் தீராது. இந்தப் பிரிவு தெரியாமல் கொடுக்கும் எந்த ஆலோசனையும் குருட்டாம்போக்குதான். யூரியா 45 கிலோ மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைத்துவிடுவதால், "போட்டுப் பார்ப்போமே" என்ற எண்ணம் எளிதாக வந்துவிடுகிறது. மூட்டையின் விலை சின்ன நட்டம். தேவையில்லாமல் தழைச்சத்து ஏறிய பயிரில் குலைநோய், பாக்டீரியா இலைக்கருகல், புகையான் ஆகியவை தங்கிப் பெருகும். அந்தச் செலவு ஒரு மாதம் கழித்துத்தான் கணக்கில் ஏறும்.

ஒரு எச்சரிக்கை. அடி இலை மஞ்சள் என்றாலே தழைச்சத்துக் குறைவு என்று முடிவு கட்டக்கூடாது. வடியாமல் தண்ணீர் நின்று வேர் கறுத்துப்போன வயலிலும் அடி இலைதான் முதலில் பழுக்கும். அப்படிப்பட்ட வேரைப் பிடுங்கினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அங்கே யூரியா போட்டாலும் வேர் அதை எடுக்காது. இதற்காகத் தனிக் கேள்வி கேட்காமலே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அதைக் கீழே பார்ப்போம்.

## எதைக் கொண்டு எடைபோடுவது

முதலாவது, வரும் பதில் உண்மையா அல்லது உங்களைத் தொலைத்துக்கட்டச் சொன்னதா என்பது. சலித்தவர் பொய் சொல்வதில்லை. ஆனால் கேள்வி சீக்கிரம் முடிய எந்தப் பதில் உதவுமோ அதைச் சொல்வார். "அடி இலைதானுங்களே மஞ்சள்?" என்று கேட்டால் "ஆமா ஆமா" என்றுதான் வரும். அந்த "ஆமா"வை நம்பி ஒரு கிலோ உரம்கூடச் சொல்லக்கூடாது.

இரண்டாவது, பதில் தவறானால் என்ன இழப்பு, அதைத் திருப்ப முடியுமா என்பது. வயலில் இறைத்த யூரியாவைத் திரும்ப அள்ள முடியாது.

மூன்றாவது, அவருடைய மிச்சப் பொறுமை. இந்த அழைப்பு முடிந்தபின் பத்து நாள் கழித்து மறுபடி பேசுவாரா என்பதும் இதில் அடங்கும்.

நேரமும் ஒரு அளவுகோல்தான், ஆனால் நினைக்கிற அளவுக்குப் பெரியதல்ல. சத்துக் குறைவால் வந்த மஞ்சள் ஒரே நாளில் பயிரைச் சாய்க்காது. வட்ட வட்டமாகக் காய்ந்துகொண்டு போகிறது என்று அவரே சொன்னால் மட்டும் கதை வேறு. அது புகையானாக இருக்கலாம். அங்கே இலையை விட்டுவிட்டுத் தூரில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

## வழி 1: பட்டியலை முதலிலிருந்து கேட்பது

பதிவேட்டில் எட்டுக் கட்டம் இருக்கிறது, எட்டையும் நிரப்ப வேண்டும் என்பதால் பலர் இதைச் செய்கிறார்கள். புதிதாகக் கூப்பிடுகிறவரிடம் இது சரிதான். அவருக்கு இது முதல் முறை, சொல்லவும் விருப்பம் இருக்கும்.

ஏற்கெனவே சொன்னவரிடம் இதன் மறைசெலவு, முக்கியமான கேள்வி வரிசையில் ஏழாவதாக வருவதுதான். அதற்குள் அவர் பொறுமை தீர்ந்திருக்கும். மிகச் சிறந்த பதில் தேவைப்படும் கேள்விக்கு மிக மோசமான பதில் கிடைக்கும்.

இதில் இன்னொரு உறுத்தலும் உண்டு. டெல்டாவில் பலர் நிலத்தை மாக் கணக்கில்தான் சொல்வார்கள். "ஆறு மா" என்றவரிடம் "ஏக்கர்ல சொல்லுங்க" என்பது, அவர் சொன்னதை நீங்கள் காதில் வாங்கவில்லை என்றுதான் அவருக்குக் கேட்கும். ஒரு வேலி 20 மா, அது ஏறத்தாழ 6.67 ஏக்கர். மூன்று மா ஓர் ஏக்கர். ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர் என்று நாமே எழுதிக்கொள்ளலாம்.

## வழி 2: சொன்னதைத் திருப்பிச் சொல்லி, ஒன்றை மட்டும் கேட்பது

"உங்க பேச்சை வாங்கி வச்சிருக்கோம்" என்று சொல்வதைவிட, வாங்கி வைத்ததைச் சொல்லிக் காட்டுவதுதான் நம்பிக்கை தரும். "கவலைப்படாதீங்க, சரியாயிடும்" என்று என்னவென்றே தெரியாமல் சொல்வது ஆறுதலாகாது. மூன்று பேரிடம் அதே வார்த்தையைக் கேட்டுவிட்டு வந்தவர் அவர்.

இந்த வழியில் மூன்று படி உண்டு. சொன்னதை ஒரே மூச்சில் படித்துக் காட்ட வேண்டும். அடுத்து, எதற்காக இன்னொன்று தேவை என்பதை அவர் எடுக்கப்போகும் முடிவோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறகு "ஆமா, இல்லை" என்று முடிக்க இடம் கொடுக்காத கேள்வியாக, முடிந்தால் கையால் செய்யும் வேலையாக, கேட்க வேண்டும்.

ஓர் அழைப்பைப் பார்ப்போம். மன்னார்குடிப் பக்கம் அறுபது வயதுக்காரர் ஒருவர், வயலில் நின்று பேசுகிறார். எடுத்தவர் இளம்பெண்.

"ஏம்மா, கடையில சொன்னேன், ஆபீஸ்ல சொன்னேன், முந்தாநாள் இதே நம்பர்ல ஒரு தம்பிகிட்ட சொன்னேன். திரும்ப ஊரு பேருன்னு ஆரம்பிச்சா நான் வச்சிர்றேன்."

"வேணாங்கய்யா. நீங்க சொன்னது இங்க எழுதியிருக்கு. ஆறு மா, சி.ஆர். 1009, நட்டு இருபத்திரண்டு நாள், எட்டு நாளைக்கு முன்னாடி ஒரு தடவை யூரியா போட்டிருக்கீங்க. இதுல எதையும் மறுபடி கேக்கல."

"ம். அப்புறம் என்ன?"

"இன்னொரு தடவை யூரியா போட்டா பலன் இருக்கா, காசு வீணான்னு முடிவு பண்ண ஒண்ணே ஒண்ணு தெரியணும். மஞ்சளா இருக்குற இடத்துல ஒரே ஒரு குத்தைப் பிடுங்கிக்கங்கய்யா. நான் லைன்லயே இருக்கேன்."

"எல்லாம்தான் மஞ்சளா இருக்கு."

"சரிங்கய்யா. கடைசியா வந்த குருத்து இலையையும் அடியில இருக்குற இலையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. எது வெளுப்பு அதிகம்?"

"...குருத்துதாம்மா. நடு நரம்பு அடியில வெள்ளையாட்டம் இருக்கு. கீழ இலையில துரு மாதிரி புள்ளி. வேரு நல்லாத்தான் இருக்கு."

அவர் சொன்ன "எல்லாம் மஞ்சள்" என்பது பொய்யல்ல. வரப்பிலிருந்து பார்த்தால் எல்லாம் மஞ்சளாகத்தான் தெரியும். அங்கே வாதாடாமல் இரண்டு இலையை அருகருகே வைக்கச் சொன்னதால்தான் வேறுபாடு தெரிந்தது. குத்தையே பிடுங்கச் சொன்னதன் லாபமும் இதில் இருக்கிறது. வேர் அவர் கையில் இருந்ததால், கேட்காமலே அதைப் பற்றியும் சொல்லிவிட்டார்.

நாள் 22, குருத்தின் அடிநரம்பு வெளுப்பு, துருப் புள்ளி, யூரியா போட்டும் பச்சை திரும்பாதது ஆகிய நான்கும் துத்தநாகக் குறைவைக் காட்டுகின்றன. லிட்டருக்கு 5 கிராம் ஜிங்க் சல்பேட், 10 கிராம் யூரியா என்பது தெளிப்புக் கணக்கு. 16 லிட்டர் டேங்குக்கு 80 கிராம், 160 கிராம். ஏக்கருக்கு 200 லிட்டர் என்று வைத்தால் ஒரு கிலோ ஜிங்க் சல்பேட்டும் இரண்டு கிலோ யூரியாவும் ஆகும். அவருடைய ஆறு மாவுக்கு இரண்டு மடங்கு. டி.ஏ.பி. கரைசலோடு இதைக் கலக்கக்கூடாது, மணிச்சத்தோடு சேர்ந்து துத்தநாகம் படிந்துவிடும். வெயில் ஏறுவதற்கு முன்போ சாயங்காலமோ அடிக்க வேண்டும். குறை தொடர்ந்தால் 15 நாள் விட்டு இன்னொரு முறை.

இந்த வழியின் மறைசெலவு குறிப்பேட்டில் இருக்கிறது. முந்தாநாள் பேசிய தம்பி எழுதி வைக்கவில்லை என்றால் திருப்பிச் சொல்ல ஒன்றும் இருக்காது. அப்போது தெரிந்ததுபோல் நடிக்க வேண்டாம், அந்தத் தம்பியைக் குறை சொல்லவும் வேண்டாம். "நீங்க சொன்னது என் கையில இல்லைங்கய்யா, தப்பு எங்களோடது. பழசு எதையும் கேக்கல, ஒண்ணு மட்டும் கேக்குறேன்" என்று நேராகக் கேள்விக்குப் போய்விடலாம். ரகமும் பரப்பும் மருந்தளவு சொல்லும்போது தானாக வந்துவிடும்.

## வழி 3: படம் அனுப்பச் சொல்வது

கேள்வியே இல்லை, படம் மட்டும் போதும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. மகனோ மகளோ வயலுக்கு வரும் வீட்டில் இது நல்ல வழிதான். பேசப் பிடிக்காதவருக்கும் ஏற்றது.

ஆனால் வரும் படம் பெரும்பாலும் வரப்பில் நின்று எடுத்த முழு வயல் படம். அதில் இலை தெரியாது. உச்சி வெயிலில் எடுத்தால் பச்சையும் வெளுத்துத் தெரியும், சாயங்காலச் சூரியனில் எடுத்தால் எல்லாமே மஞ்சள் பூசிக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு "இன்னொரு படம் கிட்டக்க எடுத்து அனுப்புங்க" என்று சொன்னால், அதுவும் திரும்பக் கேட்பதுதான். பேச்சில் இருந்த எரிச்சல் வாட்ஸ்அப்புக்கு மாறியதே மிச்சம்.

இந்த வழியை எடுத்தால் முதல் முறையிலேயே சரியான படம் வரும்படி சொல்ல வேண்டும். ஒரு குத்திலிருந்து குருத்து இலை ஒன்று, அடி இலை ஒன்று கிள்ளி, ஒரு வெள்ளைத் தாளின் மேல் அருகருகே வைத்து, தன் உடம்பின் நிழலில் எடுக்கச் சொல்லலாம். இலையின் பச்சையை ஒப்பிட்டுத் தழைச்சத்துத் தேவையை அறியும் இலை வண்ண அட்டை பார்ப்பதற்கும் இதே நிழல்தான், காலை 8 முதல் 10 மணிக்குள்தான். வெள்ளைத் தாள் படத்தில் மஞ்சளாகத் தெரிந்தால் இலையின் நிறத்தையும் நம்பக்கூடாது என்று நமக்குத் தெரிந்துவிடும்.

## வழி 4: கேட்காமல் பாதுகாப்பான வேலை ஒன்றைச் சொல்வது

"இரண்டு நாள் தண்ணியை வடிச்சு வைங்க, உரம் எதுவும் போடாதீங்க, அப்புறம் பேசுவோம்." கோபத்தின் உச்சியில் இருப்பவரிடம் இது வேலை செய்யும். வேர் கறுத்த வயலுக்கு இதுவே பாதி மருந்து. தண்ணீர் தொடர்ந்து நிற்பது துத்தநாகக் குறைவையும் கூட்டும் என்பதால் அங்கேயும் கெடுதல் இல்லை.

டெல்டாவில் இது இலவசமான ஆலோசனை அல்ல என்பதுதான் சிக்கல். முறைப்பாசனம் நடக்கும்போது கடைமடையில் இருப்பவர் வடித்த தண்ணீர், அவர் நினைத்த நாளில் திரும்ப வராது. மேட்டூரில் திறந்தது கல்லணை தாண்டி அவருடைய மடைக்கு வந்துசேர எத்தனை கை மாற வேண்டும் என்று அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் நிலைமை தலைகீழ். வடிகாலே வயல் மட்டத்துக்கு நிற்கும்போது "வடிச்சு வைங்க" என்றால், நம் பேச்சை அதன்பிறகு யார் கேட்பார்கள்? ஆகவே வடிப்பதைச் சொல்லும் முன், வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா, மழை எப்படி என்று நாமே விசாரித்து வைத்திருக்க வேண்டும். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அல்ல இது.

"இரண்டு நாள் யூரியா வேண்டாம்" என்ற பாதியை மட்டும் எங்கேயும் தயங்காமல் சொல்லலாம். காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: "இந்த இரண்டு நாள்ல பயிர் செத்துடாதுங்க, தப்பா போட்டா எடுக்க முடியாதுங்க."

## ஒரு பார்வையில்

| வழி | பதிலின் நம்பகம் | மறைசெலவு | எப்போது நல்லது |
|---|---|---|---|
| முழுப் பட்டியல் | முதல் கேள்விகளுக்கு உண்டு, கடைசிக்கு இல்லை | பொறுமை தீர்ந்தபின் முக்கியக் கேள்வி | முதல்முறை கூப்பிடுபவர் |
| திருப்பிச் சொல்லி ஒன்று | அதிகம், கையில் குத்து இருந்தால் | முந்தைய குறிப்பு எழுதியிருக்க வேண்டும் | வயலில் நிற்பவர், பலமுறை சொன்னவர் |
| படம் | சரியாக எடுத்தால் அதிகம் | மறுபடி மறுபடி படம் கேட்பது | பேச விரும்பாதவர், வீட்டில் இளையவர் உண்டு |
| கேட்காமல் வேலை | கேள்வி இல்லை | கடைமடைத் தண்ணீர், மழை | கோபத்தின் உச்சி, வேர் கறுத்த அறிகுறி |

## எங்கள் தேர்வு, அதன் எல்லை

வயலில் நிற்பவருக்கு இரண்டாவது வழிதான். வீட்டிலிருந்து பேசுபவரிடம் அதே கேள்வியைக் கேட்டால் நினைவிலிருந்து பதில் சொல்வார், அதில் பாதி ஊகம். அவரிடம் நான்காவது வழியின் "யூரியா வேண்டாம்" என்ற பாதியைச் சொல்லிவிட்டு, "நாளைக்குக் காலைல வயலுக்குப் போனதும் ஒரு மிஸ்டு கால் குடுங்கய்யா, நானே கூப்பிடுறேன்" என்று முடிக்கலாம். கூப்பிடுவது நம் வேலையாக இருக்க வேண்டும். அவர் மறுபடி கூப்பிட்டு வேறொருவர் எடுத்தால் கதை முதலிலிருந்து தொடங்கிவிடும்.

இரண்டு இலையும் ஒரே அளவு வெளுப்பு என்று வந்தாலோ, பயிர் குட்டையாகி இலை ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இருக்கிறது என்றாலோ போனில் தீர்க்கப் பார்க்க வேண்டாம். பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ நோயாக இருக்கலாம். அதை நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். "இன்னைக்குச் சாயந்திரம் ஆள் வரும்" என்பதுதான் அங்கே சரியான ஆறுதல், ஆள் உண்மையில் போவதாக இருந்தால்.

தெளித்தபின் பழைய இலை பச்சையாகவில்லை என்று அவர் மறுபடி கோபிக்க வாய்ப்பு உண்டு. துருப் பிடித்த இலை திரும்பாது. ஒரு வாரம் பத்து நாளில் புதிதாக வரும் குருத்துத்தான் பலனைக் காட்டும் என்பதை அன்றே சொல்லிவிட வேண்டும். ஐயம் இருந்தால் முதலில் ஒரு மாவில் மட்டும் அடித்து, பக்கத்து மாவோடு ஒப்பிடச் சொல்லலாம்.

பெரியவர் போனை வைத்ததும் அந்தப் பெண் குறிப்பேட்டில் எழுத வேண்டியது இரண்டே வரி: "குருத்து வெளுப்பு, நடு நரம்பு அடி, கீழ் இலை துரு, வேர் நல்லா இருக்கு. ஜிங்க் சொல்லியாச்சு, யூரியா மேலுரம் நிறுத்தச் சொல்லியாச்சு. 10ஆம் நாள் நாமே கூப்பிட்டுப் புதுக் குருத்தை மட்டும் கேட்கணும்."